படத்தில் வந்த ரவிக்கை

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ சேலை எடுத்துக்கொண்டு, அளவு ரவிக்கை ஒன்றையும் மடித்துப் பையில் வைத்துத் தையற்காரரிடம் நேரில் சென்று ஒப்படைப்பதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. கடைத்தெருவுக்கு எட்டாத தோட்டப் புறத்துத் தையற்காரிக்கோ அக்கம்பக்கத்தாரே வாடிக்கைக்காரர்கள். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து, அவ்வாண்டு நவம்பர் 14-இல் வந்த தீபாவளிக்கும் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கட்டுப்பாடு தொடர்ந்தபோது, அதுவரை சிலர் சௌகரியத்துக்காகக் கையாண்ட ஒரு முறை பலருக்கு அவசியமாயிற்று: வாட்ஸ்அப் எனும் புலனத்தில் மாதிரிப் படம் காட்டுவது, அதிலேயே பேசி முடித்து ஆர்டர் வாங்குவது.

கேரித் தீவுப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஒரு தையற்காரி இருப்பதாகவும், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலிருந்து ஒரு பெண் அவருக்கு நடிகை ஒருவரின் முதுகுப்புறப் படத்தை அனுப்பி, “அக்கா, இதே மாதிரி வேணும்” என்று எழுதுவதாகவும் வைத்துக்கொள்வோம். அனுபவம் முதிராதவர் உடனே விலை சொல்லிவிடுவார், முதிர்ந்தவர் “உங்க ரவிக்கை உயரம் எவ்வளவும்மா?” என்று கேட்பார். அக்கேள்வியில்தான் இத்தொழிலின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

படத்தில் அங்குலம் இல்லை. விகிதம் மாத்திரமே உண்டு. நடிகையின் முதுகுக் கழுத்து எத்தனை அங்குல ஆழம் என்பதை எவராலும் படத்தைப் பார்த்துக் கூற இயலாது. ஆனால் ரவிக்கையின் மொத்த உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு திறந்திருக்கிறது என்பதைத் திரையின்மேல் விரலை வைத்தே அறிந்துவிடலாம். கேட்டவரின் ரவிக்கை உயரம் பதின்மூன்றரை அங்குலமாயின், அவருக்குரிய ஆழம் 9 அங்குலம். கீழே எஞ்சுவது நாலரை அங்குலம். அவ்வளவு ஆழத்துக்குத் தோள் நழுவும் என்பதால், கழுத்தின் அகலத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும், அல்லது தோளிலிருந்து தோளுக்கு ஒரு நாடா வைத்துக் கட்ட வேண்டும். நடிகையின் படத்தில் அந்த நாடா கூந்தலுக்குள் மறைந்திருந்தால், “படத்தில் இல்லாததை ஏன் வைத்தீர்கள்?” என்ற வழக்கு பின்னால் எழும், ஆகையால் வெட்டுவதற்கு முன்பே இதை எழுதிச் சம்மதம் பெறுதல் விவேகம்.

அடுத்தது உடலளவு. அளவு ரவிக்கையைக் கொக்கி மாட்டி மேசையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குளுக்கு அளவு நாடாவைக் கிடத்தி, நேர்மேலிருந்து படமெடுக்கச் சொல்வார்கள். பதினேழரை என்று நாடா காட்டினால் சுற்றளவு 35. நாடா துணியோடு ஒரே தளத்தில் படிந்திராமல் வளைந்திருந்தாலோ, தொலைபேசி சாய்ந்திருந்தாலோ கணக்குப் பிசகும். அதைவிடப் பெரிய தடை வேறொன்று: பிடிப்புத் தையல் வைத்த ரவிக்கை மார்புப் பக்கம் மேடாகவே நிற்கும், தட்டையாகப் படியாது. ஒரு புறத்தில் அரை அங்குலம் தவறினால் சுற்றில் அது 1 அங்குலம். அதனாலேயே, படத்தை நம்பித் தைக்கிறவர்கள் இரு பக்க ஓரங்களிலும் பிறகு பிரித்துவிடுவதற்கு வேண்டிய துணியை உள்ளே விட்டுத் தைக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில், எப்படியும் துணியைக் கொடுத்தனுப்பத்தான் வேண்டும் என்றிருக்கையில், அளவு ரவிக்கையையும் அதே பொட்டலத்தில் வைத்துவிடுவதே உத்தமம். புலனம் மாதிரியைத் தீர்மானிக்கட்டும், அளவைத் துணி சொல்லட்டும்.

நிறத்தின் சங்கதியும் இத்தகையதே. மஞ்சள் விளக்கொளியில் எடுத்த படத்தில் அரக்குச் சிவப்பு செங்கல் நிறமாய் மாறிவிடும். உள்துணியையும் நூலையும் அதைக் கொண்டு வாங்கினால் பணம் விரயம். துணி கைக்கு வந்த பின்பே பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து வாங்குவார்கள். கண்ணாடி முன் நின்று எடுத்த படமானால் இன்னொரு மயக்கமும் சேரும்: அதில் இடமும் வலமும் மாறித் தோன்றுவதால், ஒரு கையில் மட்டும் பூவேலை கேட்டவருக்கு அது முந்தானைக்கு அடியில் மறையும் இடக்கையில் போய்ச் சேர்ந்துவிடும். “எந்தக் கைம்மா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காதவர் அனேகமாக ஒரு தடவையேனும் பூவேலையைப் பிரித்திருப்பார்.

இவ்வளவும் பேசி முடிந்த பிறகு, அவ்வுரையாடல் குரல் பதிவுகளும் வணக்கங்களும் பத்துப் பேருடைய படங்களுமாய் மேலே நகர்ந்து மறைந்துவிடுகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அதைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது. ஆகவே தையற்காரி பழைய முறைப்படி நோட்டில் ஒரு பக்கம் எழுதுகிறார்: உயரம், சுற்று, கழுத்து ஆழம், கை நீளம், நாடா உண்டு, பூவேலை வலக்கை, கொடுக்க வேண்டிய தேதி, கூலி. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, “சரி” என்று பதில் வந்து, முன்பணமும் வங்கிக் கணக்கில் விழுந்த பின்னரே கத்தரிக்கோலை எடுக்கிறார்.