நஷ்டத்துக்குச் சர்க்கரை விற்றால் லாபம் வருமா? தெரியுமா?

அமெரிக்காவின் காஸ்ட்கோ கடைகளில் முழுசாகச் சுட்ட கோழி ஒன்றின் விலை 4.99 டாலர். 2009-லிருந்து அதே விலைதான், தெரியுமா? இதற்காக ஆண்டுக்கு 3 முதல் 4 கோடி டாலர் வரை லாபத்தை விட்டுக்கொடுக்கிறோம் என்று 2015-ல் அந்த நிறுவனத்தின் நிதித்துறைத் தலைவரே சொன்னார்! கோழி இருப்பது கடையின் கடைக்கோடியில். அதை எடுக்கப் போகிறவர் வழியெல்லாம் மற்ற சரக்கைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும்!

இப்படி ஆளை இழுக்கும் சரக்குக்கு ‘லாஸ் லீடர்’ என்று பெயர். நம் ஊர் மளிகைக் கடையில் அது பெரும்பாலும் சர்க்கரை அல்லது எண்ணெய். எல்லோருக்கும் விலை மனப்பாடமாகத் தெரிந்த சரக்கு அல்லவா?

ஒரு கணக்குப் போடுவோமா? சர்க்கரையின் கொள்முதல் விலை கிலோ 42 ரூபாய். வழக்கமாக 44-க்கு வாரம் 150 கிலோ போகிறது, லாபம் 300 ரூபாய். இப்போது 36-க்குக் கொடுக்கிறார் கடைக்காரர். 500 கிலோ பறக்கிறது! சர்க்கரையில் மட்டும் நஷ்டம் 3,000. ஆனால் பில்கள் 700-லிருந்து 800 ஆகின்றன. மற்ற சரக்கு விற்பனை 2,70,000-லிருந்து 2,90,000! கல்லாவில் கூட்டம், கடைக்காரருக்குக் கொண்டாட்டம்!

உண்மையில் என்ன நடந்தது தெரியுமா? மற்ற சரக்கில் 12 சதவீத லாபம் என்றால் கூடுதலாகக் கிடைத்தது 2,400 ரூபாய். கைவிட்டுப் போனது, பழைய 300-ஐயும் சேர்த்து, 3,300. விற்பனை ஏறியும் லாபத்தில் 900 குறைவு! கைக்காசு போகாமலிருக்க மற்ற சரக்கு 27,500 ரூபாய்க்குக் கூடுதலாக விற்றிருக்க வேண்டும். இன்னொரு விந்தை: கூட்டம் கூடியும் சராசரி பில் 395-லிருந்து 385-ஆக இறங்கிவிட்டது!

“சர்க்கரை உள்ள பில்லெல்லாம் பெரிசா இருக்கே!” என்று மகிழ்கிறவர்கள் உண்டு. ஆனால் மாதச் சாமான் வாங்குகிறவர் சர்க்கரையும் வாங்குவார். அவர் பில் சலுகை இல்லாவிட்டாலும் பெரிசுதானே? இந்த ஒப்பீடுதான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது!

அப்படியானால் எப்படிப் பார்ப்பது? சலுகை இருந்த வாரத்தையும் இல்லாத வாரத்தையும் முழுசாக ஒப்பிட வேண்டும். சம்பளம் வரும் முதல் வாரத்தை மூன்றாம் வாரத்தோடு வைத்துப் பார்த்தால் கணக்குக் கவிழ்ந்துவிடும்! இந்த மாதம் இரண்டாம் வாரத்தில் சலுகை கொடுத்தால், அதே இரண்டாம் வாரத்தைச் சலுகை இல்லாத மாதத்தில் பாருங்கள். பண்டிகை வாரத்தை ஒதுக்கிவிடுங்கள். சலுகைக்கு அடுத்த வாரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் 5 கிலோ சேர்த்துவைத்தவர் அப்போது சர்க்கரை பக்கமே வரமாட்டார்!

சர்க்கரை மட்டுமே உள்ள பில்கள் எத்தனை என்றும் எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை வீங்கியிருந்தால், ‘500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 1 கிலோ மட்டும் இந்த விலை’ என்று அடுத்த முறை பலகையில் எழுதிவிடுங்கள்!