சந்துக்குள் துரத்தல்: ஆள் மாறாட்டம் இல்லாமல்

‘இருவர் சந்தில் ஓடுகிறார்கள்’ என்று மட்டும் எழுதினால், ஏஐ வீடியோ கருவி பல சமயம் இருவரையும் ஒரே சாயலில் காட்டிவிடும். நிறத்தோடு உடல்வாகும் வேறுபட வேண்டும். இப்படி எழுதலாம்: ‘மஞ்சள் சட்டை அணிந்த ஒல்லியான இளைஞன் முன்னால் ஓடுகிறான். கறுப்பு நீளக் கோட்டு அணிந்த பருத்த மனிதர் பத்தடி பின்னால் துரத்துகிறார். கேமரா இருவருக்கும் பின்னால், தோள் உயரத்தில், அதே வேகத்தில் தொடர்கிறது.’

‘அவன்’ என்று சுருக்காமல், ஒவ்வொரு முறையும் ‘மஞ்சள் சட்டை இளைஞன்’ என்றே குறிப்பிடுங்கள்.

சிக்கல் திருப்பத்தில்தான். சுவருக்குப் பின் மறைந்தவன் மீண்டும் தெரியும்போது சட்டை கறுப்பாகியிருக்கலாம். எனவே திருப்பத்துக்கு முன்பே ஷாட்டை முடித்து, அதே வர்ணனையை ஒரு சொல்கூட மாற்றாமல் அடுத்த ஷாட்டில் எழுதுங்கள்.