இன்னும் ஒரு லட்சம் கேட்கும் கடிதம்

இணையத்தில் சேலை விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு மாதம் 2 லட்சம் ரூபாய் செலவாகிறது. சமூக ஊடகப் பிரிவைக் கவனிக்கும் மேலாளர் அதை 3 லட்சமாக உயர்த்தச் சொல்லி இயக்குநருக்குக் கடிதம் எழுத உட்காருகிறார். கையில் இருக்கும் முதல் ஆதாரம், விளம்பரக் கணக்கின் திரையில் தெரியும் எண்: செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் 5 ரூபாய் விற்பனை.

அந்த எண்ணை மட்டும் நம்பிக் கடிதம் எழுதக் கூடாது. விளம்பரம் விற்கும் நிறுவனமே தனக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண் அது. ஒருவர் விளம்பரத்தைத் தொட்டு 7 நாளுக்குள் வாங்கினாலும், வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கினாலும் அந்த விற்பனை விளம்பரத்தின் கணக்கில் ஏறுவதுதான் அங்கே வழக்கமான ஏற்பாடு. ஏற்கெனவே வாங்க முடிவு செய்திருந்தவரும் அதில் சேர்ந்துவிடுகிறார். அதே விற்பனையை கூகுள் விளம்பரமும் உரிமை கொண்டாடலாம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஈபே நிறுவனத்தின் அனுபவம் நல்ல சான்று. தன் பெயரைத் தேடுவோருக்குக் காட்டிவந்த விளம்பரத்தை 2012இல் அந்நிறுவனம் நிறுத்திப் பார்த்தது. அந்த விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்களில் நூற்றுக்கு 99 பேருக்கும் மேல், பணம் கட்டாத சாதாரணத் தேடல் முடிவு வழியாகவே வந்து சேர்ந்தார்கள். பிளேக், நோஸ்கோ, தடேலிஸ் ஆகிய பொருளியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இது பதிவாகியுள்ளது. அடிக்கடி வாங்குபவர்களை விளம்பரம் அசைக்கவில்லை; புதியவர்களிடமும் எப்போதாவது வருபவர்களிடமும்தான் அது வேலை செய்தது என்பதும் அதில் உண்டு.

ஆகவே மேலாளர் திரையை விட்டு இறங்கி ஒரு சோதனை செய்ய வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் நான்கு வாரம் விளம்பரத்தை நிறுத்துகிறார். மதுரை, விருதுநகரில் வழக்கம்போல் ஓடவிடுகிறார். இந்த இரு ஜோடிகளின் விற்பனையும் கடந்த சில மாதங்களாகச் சேர்ந்தே ஏறி இறங்கியிருக்க வேண்டும்; இல்லையென்றால் ஒப்பிட முடியாது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி வாரங்களைத் தவிர்க்க வேண்டும். விற்பனையை டெலிவரி முகவரியின் பின்கோடு கொண்டு எண்ண வேண்டும். கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பி வந்த பார்சல்களைக் கழித்தாக வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

கற்பனைக் கணக்கு ஒன்று. மதுரை ஜோடியின் போக்கைப் பார்த்தால் நெல்லை ஜோடியில் 2,50,000 ரூபாய் விற்றிருக்க வேண்டும், 1,80,000தான் விற்றது. மிச்சமான விளம்பரச் செலவு 20,000. அப்படியானால் விளம்பரத்தால் உண்மையில் வந்த விற்பனை 70,000, அதாவது ரூபாய்க்கு மூன்றரை. திரை காட்டிய 5 இங்கே குறைந்துவிட்டது. ஆனாலும் 100 ரூபாய் சேலையில் 40 ரூபாய் மிஞ்சும் வியாபாரத்துக்கு இரண்டரை வந்தாலே முதலுக்கு மோசமில்லை.

இத்தனைக்குப் பிறகும் இது பழைய 2 லட்சத்துக்கான நியாயம் மட்டுமே. கேட்பது கூடுதல் ஒரு லட்சம். முதல் ரூபாய்கள் எளிதில் வாங்குபவர்களைப் பிடித்துவிடும். அடுத்தடுத்த ரூபாய்கள் ஆர்வம் குறைந்தவர்களைத் தேடிப் போகும். அதனால் சராசரியைக் காட்டி அதிகம் கேட்பது பிழை. வேறொரு ஜோடி மாவட்டங்களில் செலவை 20,000இலிருந்து 30,000 ஆக்கிப் பார்க்கிறார். கூடுதலாக வந்த விற்பனை 30,000. சேர்த்துப் போட்ட ரூபாய்க்கு மூன்று. மூன்றரையைவிடக் குறைவு, இரண்டரையைவிட மேல். கேட்கலாம், ஆனால் இரட்டிப்பாகக் கேட்க இது ஆதாரமாகாது.

விளம்பரம் மாறாத மாதங்களிலேயே விற்பனை 20,000 ரூபாய் மேலும் கீழும் ஆடும் மாவட்டமாக இருந்தால், இந்த 30,000 அவ்வளவு உறுதியான எண் இல்லை. மாவட்டங்களை மாற்றி இன்னொரு முறை பார்த்தபின் எழுதுவது நல்லது. அப்படியும் மீறும் சந்தேகத்தைக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். கணக்குப் பார்க்கத் தெரிந்த இயக்குநர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இவ்வளவு வேலைக்குப் பிறகு கடிதம் ஒரு பக்கம் தாண்டாது:

"ஐயா, பிப்ரவரி முதல் மூன்று மாதங்களுக்கு மாத விளம்பரச் செலவை 2 லட்சத்திலிருந்து 3 லட்சமாக உயர்த்த அனுமதி கோருகிறேன். இரண்டு முறை மாவட்டம் மாற்றிச் சோதித்ததில், கூடுதலாகச் செலவழித்த ஒரு ரூபாய்க்குச் சுமார் மூன்று ரூபாய் விற்பனை வந்தது. திரும்பி வந்த பார்சல்களைக் கழித்த கணக்கு இது. நமக்கு இரண்டரை போதும். இடைவெளி சிறியது என்பதால் ஒவ்வொரு மாதமும் ஒரு ஜோடி மாவட்டத்தைப் பழைய செலவிலேயே வைத்து ஒப்பிடுவேன். தொடர்ந்து இரண்டு மாதம் இரண்டரைக்குக் கீழே போனால், தங்கள் உத்தரவுக்குக் காத்திராமல் 2 லட்சத்துக்கே திரும்பிவிடுவேன். மாவட்டவாரிக் கணக்கை இணைத்துள்ளேன்."