புள்ளி எங்கே போச்சு?

பி.காம். படித்தவனுக்கு தசமப் புள்ளி மேல் தனி பக்தி உண்டு. அப்படிப்பட்ட நானே ஒரு புள்ளியைத் தொலைத்தேன் என்றால் வெட்கக்கேடுதானே?

எடப்பாடியில் எங்கள் பெரியப்பாவுக்கு வயது 78. இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர், ராத்திரியானால் "தறி ஓடுது, நூல் அறுந்துடுச்சு" என்று கட்டிலைவிட்டு எழப் பார்ப்பார். வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிப் புத்தி குழம்புவது சகஜம். டாக்டர் ஹாலோபெரிடால் என்ற மாத்திரையை ஐந்து நாளைக்கு, ராத்திரி மட்டும் எழுதினார். அளவு .5 மி.கி., அதாவது அரை மில்லிகிராம்.

ஒரிஜினல் சீட்டை ஃபைலில் பூட்டிவிட்டு, மருந்துக்கடையில் செராக்ஸை நீட்டினேன். ஆபீஸ் புத்தி! செராக்ஸில் புள்ளி விழவில்லை. இந்த மருந்தில் 5 மி.கி. மாத்திரையும் உண்டு என்பதால் கடையில் சந்தேகம் வரவில்லை.

மூன்றாம் நாள் பெரியப்பா மரக்கட்டை மாதிரி விறைத்துக் கிடந்தார். கை நடுக்கம், வாயோரம் எச்சில். ரசம் சாதம்கூட இறங்கவில்லை. "வயசாச்சுல்ல" என்றார்கள் சொந்தக்காரர்கள். இந்த மருந்து அதிகமானால் வருவது இதே கோலம்தான். முதுமை என்று நினைத்தே விட்டுவிடுவார்கள்.

மறுபடி மாத்திரை வாங்கப் போனபோது கடைப் பெரியவர், "ஏனுங் தம்பி, இந்த வயசுக்கு அஞ்சு மில்லிங்களா? அசல் சீட்டு இருக்குதுங்களா?" என்றார். எடுத்து வந்தால், கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளி! உடனே டாக்டருக்கு போன். அவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, நேரில் வரவழைத்துப் பார்த்தார். உடம்பு இளக ஒரு வாரம் ஆனது.

இதில் விஷயம் என்னவென்றால், பெரிய தப்பு சுலபமாக மாட்டிக்கொள்ளும். தைராய்டு மாத்திரை தைராக்ஸினை 50 மைக்ரோகிராம் என்பதற்குப் பதில் 50 மி.கி. என்று எழுதினால் ஆயிரம் மடங்கு. ஒரு வேளைக்கு ஆயிரம் மாத்திரை தரவேண்டும், கடைக்காரர் சிரித்துவிடுவார். பத்து மடங்கு தப்புதான் கமுக்கமாக நுழையும், அந்த அளவிலும் மாத்திரை இருந்துவிட்டால்.

அதனால்தான் 0.5 என்று முன்னால் பூஜ்யம் போடவேண்டும், 5.0 என்று பின்னால் போடவே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். புள்ளி அழிந்தால் முதலாவது 05 ஆகும், பார்த்ததும் உறுத்தும். இரண்டாவது 50 ஆகும், உறுத்தாது. 500 மைக்ரோகிராம் என்று முழுசாக எழுதிவிட்டால் புள்ளிக்கே வேலையில்லை. செக்கில் தொகையை எழுத்தால் எழுதுகிறோமே, அதே சங்கதி.

இப்போது பெரியப்பா தேறிவிட்டார். நடந்ததைச் சொன்னேன். "கணக்கு படிச்ச பையனை நம்பி சீட்டைக் குடுத்தாங்க பாரு" என்கிறார், வருகிறவர் போகிறவரிடமெல்லாம்.