வெறும் 😔 மட்டும் வந்தால் என்ன பதில் போடுவது?

கோவை விடுதியில் தங்கிப் படிக்கும் தங்கையிடமிருந்து, மதுரையில் இருக்கும் அக்காவுக்கு இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் 😔 மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட ஒரு சொல்கூட இல்லை. அரியர் விழுந்திருக்கலாம், அறைத்தோழியோடு சண்டையாக இருக்கலாம், அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். எமோஜியை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது.

பலரும் உடனே "என்னாச்சு?" என்று கேட்போம். தப்பில்லை. ஆனால் எழுதத் தெம்பில்லாதவளிடம் முழுக் கதையையும் கேட்டால், "ஒண்ணுமில்லக்கா" என்று முடித்துவிடுவாள். "இதுக்கெல்லாமா அழுவாங்க?" என்றால் அடுத்த முறை எமோஜிகூட வராது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "பாத்தேன்டி. போன் பண்ணட்டுமா, இல்ல டைப் பண்றியா? இப்பப் பேசப் பிடிக்கலைன்னாலும் சரி, நான் முழிச்சுதான் இருக்கேன்." இதற்கு 'ம்' என்று ஒரே எழுத்தில் பதில் போடலாம், பதில் போடாமலும் இருக்கலாம். பிறகு கேள்விக்குறிகளாக அனுப்பித் துரத்த வேண்டாம். அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒருமுறை அழையுங்கள். எடுத்தால் அவள் பேசட்டும். அறிவுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எல்லா நேரமும் அரை மணி நேரம் காத்திருக்கக் கூடாது. எமோஜிக்கு முன்னோ பின்னோ "இனிமே யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்" என்பது போல எழுதியிருந்தாலோ, விடைபெறுவது போலப் பேசினாலோ, ஆசையாக வைத்திருந்த பொருளை யாருக்காவது கொடுத்திருந்தாலோ உடனே அழையுங்கள். "சாகணும்னு தோணுதாடி?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. "ஆமா" என்றால் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். வீட்டில் இன்னொருவரிடம் சொல்லி வார்டனையோ அறைத்தோழியையோ அழைக்க வைத்து, அவள் பக்கத்தில் ஆள் இருக்கும்படி செய்யுங்கள். ஏற்கெனவே எதையாவது செய்துகொண்டிருந்தால் 108-க்குச் சொல்லுங்கள். "யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்று அவள் கெஞ்சினாலும், உயிர் விஷயத்தில் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். உதவ வேண்டியவர்களிடம் மட்டும் சொல்லுங்கள்; ஸ்கிரீன்ஷாட்டைக் குடும்ப குரூப்பில் போடாதீர்கள்.

போலீஸ் கேஸாகிவிடும் என்ற பயத்தில் சிலர் மருத்துவமனைக்குப் போகத் தயங்குகிறார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்கிறது. வேறுவிதமாக நிரூபிக்கப்பட்டால் ஒழிய அவரைத் தண்டிக்க முடியாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்கச் சொல்லும் உரிமையும் இதே சட்டத்தில் உண்டு.

டெலி மனஸ் 14416 எண்ணில் இரவிலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம். பாதிக்கப்பட்டவர்தான் அழைக்க வேண்டும் என்றில்லை. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் தவிக்கும் அக்காவும் அழைக்கலாம். இந்த இரண்டு எண்களையும் இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.