வங்கி ஏலத்தில் வீடு: சாவி யாரிடம் இருக்கிறது?

பெங்களூருவில் வங்கி ஏலத்துக்கு வரும் வீட்டை வாங்க விரும்புவோர், விலைக்கு முன் சுவாதீன நிலையைப் பார்க்க வேண்டும். ஏல அறிவிப்பில் 'அடையாள சுவாதீனம்' என்றிருந்தால், சாவி வங்கியிடம் இல்லை. கடன்தாரரோ வாடகைதாரரோ உள்ளே வசிக்கக்கூடும். அவர்களை வெளியேற்ற, சர்ஃபாசி சட்டத்தின் 14-ஆவது பிரிவின்கீழ் வங்கி நீதிமன்ற உத்தரவு பெற நேரிடும்.

பணக் கெடு அதுவரை காத்திருக்காது. ஏலத் தொகையில் 25 சதவீதத்தை அடுத்த வேலை நாளுக்குள்ளும், மீதியைப் பொதுவாக விற்பனை உறுதியான 15 நாள்களுக்குள்ளும் செலுத்த வேண்டும். தவறினால் அந்த 25 சதவீதம் பறிமுதலாகும். உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரியில் இதை ஏற்றது.

'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையும் சாதாரணமானதல்ல. இத்தகைய ஏலத்தில் வாங்கியவரிடம், விதிகள் இடமளித்தால், முந்தைய உரிமையாளரின் மின்கட்டண பாக்கியைக் கோரலாம் என 2023 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பெஸ்காம், சொத்து வரி, குடியிருப்போர் சங்க பாக்கிகளை நேரில் விசாரிப்பதுடன், கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் கடன்தாரரின் வழக்கு நிலுவையில் உள்ளதா என்பதையும் ஏலத்துக்கு முன்பே அறிய வேண்டும்.