சிங்கப்பூரில் பிறந்த குழந்தை இந்தியக் குடிமகனா? தூதரகத்தில் பதிவது எப்படி?

நீங்களும் உங்கள் துணையும் இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கிறீர்கள். சிங்கப்பூரில் வேலை. இங்கேயே குழந்தை பிறக்கிறது. அப்படினா, குழந்தை எந்த நாட்டுக் குடிமகன்?

பெற்றோரில் ஒருவர்கூட சிங்கப்பூரர் இல்லையென்றால், இங்கே பிறந்ததால் மட்டும் சிங்கப்பூர்க் குடியுரிமை கிடைக்காது. இந்தியக் குடியுரிமையும் தானாக வந்துவிடாது. 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைகளின் பிறப்பை இந்தியத் தூதரகத்தில் பதிந்தாக வேண்டும்.

எவ்வளவு நாள் இருக்கு?

சட்டப்படி ஓர் ஆண்டு. அதைத் தாண்டினால் இந்திய மத்திய அரசின் அனுமதி வேண்டும். ஆனா, அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. சிங்கப்பூரில் பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். குழந்தை இங்கே தங்குவதற்கான அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் குழந்தையின் கடப்பிதழ் தேவை. தூதரகப் பதிவு முடிந்தால்தான் கடப்பிதழ் கிடைக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் சிங்கப்பூர் பிறப்புச் சான்றிதழ். அடுத்து indiancitizenshiponline.nic.in தளத்தில் பிறப்புப் பதிவுப் படிவம். பெற்றோர் இருவரின் கடப்பிதழ் எண், அது வழங்கப்பட்ட தேதி, இடம் எல்லாம் அதில் கேட்கப்படும். குழந்தையிடம் வேறு நாட்டுக் கடப்பிதழ் இல்லை என்று நீங்கள் உறுதிமொழியும் தர வேண்டும்.

எங்கே சிக்கும்?

பெயரில்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் முன்னெழுத்து, இல்லையா? கடப்பிதழில் அது விரிந்து நிற்கும்.

ஓர் உதாரணம். அப்பாவின் கடப்பிதழில் இருப்பது `MUTHU KUMAR SELVAM`. ஆனால் பிறப்பைப் பதியும்போது எப்போதும் எழுதுவதுபோல `MUTHUKUMAR S` என்று கொடுத்துவிடுகிறார். நமக்கு இருவரும் ஒரே ஆள். ஆவணத்தைச் சரிபார்க்கும் அதிகாரிக்கு இரண்டு பெயர்கள்.

கடப்பிதழ் சரியாக இருந்தால், குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்திடம் பிறப்புச் சான்றிதழைத் திருத்தக் கேட்க வேண்டும். கடப்பிதழிலேயே பிழை இருந்தால் புதுக் கடப்பிதழ் எடுக்க வேண்டும். அதற்கு இன்னும் நாளாகும். 42 நாள் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அம்மாவின் கடப்பிதழையும் பாருங்கள். திருமணத்துக்குமுன் எடுத்தது என்றால், கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் இருக்காது. அப்போது உங்கள் உறவுக்கு ஆதாரம் திருமணச் சான்றிதழ்தான். அது ஊரில் பெட்டிக்குள் இருந்தால், பிரசவத்துக்கு முன்பே வரவழைத்துவிடுங்கள்.

எப்போது சரிபார்ப்பது?

பிறப்பைப் பதிவதற்கு முன்பே. இரண்டு கடப்பிதழ்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெற்றோர் பெயர்களை எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட, அப்படியே நிரப்புங்கள். பதிவை உறுதிசெய்யும் முன் இன்னொரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் திருத்த ஒரு நிமிடம் போதும்.